பெயர் சொல்லாக் கொடையாளருக்கு

கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும், வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு ‘உபயம்’ என்று பெயரை எழுதிக் கொடுக்கிற ஊர்க்காரன் நான். அதனால்தான் வாடிக்கையாளர் ஐயா, உங்கள் அடக்கத்தைப் பார்த்து மலைத்துப் போனேன். சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு, 1,843.500 ரியாலை அனுப்பிவிட்டு, நீங்கள் யார் என்பதை மட்டும் மறைத்துவிட்டீர்கள். வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். வாங்கிய கைக்கே தெரியாமல் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அனுப்பியவர் பெயராக ஏதோ ஒரு துபாய் டிரேடிங் கம்பெனி இருந்தது. எங்கள் பேரேட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை. பில் எண் போடவேண்டிய இடத்தில் ‘PAYMENT’ என்று எழுதியிருந்தீர்கள். நல்லவேளை சொன்னீர்கள், மீன் என்று நினைத்திருப்போம்.

நேரம் பார்த்ததிலும் நீங்கள் கெட்டிக்காரர். பணம் வந்தது வியாழன் சாயங்காலம். ஓமானில் வெள்ளியும் சனியும் விடுமுறை, துபாயில் சனியும் ஞாயிறும். வெள்ளியன்று நீங்கள் இருப்பீர்கள், நான் இருக்கமாட்டேன். ஞாயிறு நான் இருப்பேன், நீங்கள் இருக்கமாட்டீர்கள். திங்கள்வரை என் மூளைக்கு வேலை கொடுத்த கருணையை என்னென்பது!

ஞாயிறு காலை பாக்கிப் பட்டியலை விரித்தேன். ஒருவருக்கு இரண்டு பில்: 1,050.000, 798.000, கூட்டினால் 1,848.000. இன்னொருவருக்கு ஒரே பில், 1,845.900. இரண்டுமே வந்த தொகைக்குச் சற்று மேலே. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். 4.500 கழிந்திருந்தால் முதலாமவர், 2.400 கழிந்திருந்தால் இரண்டாமவர். வித்தியாசம் குறைவாக இருக்கிறதே என்று இரண்டாமவர் பெயரில் வரவு வைக்கக் கை துறுதுறுத்தது. வைத்திருந்தால் அவர் மூச்சு விட்டிருக்கமாட்டார். பாக்கி தீர்ந்த சந்தோஷத்தில் யார் வாய் திறப்பார்கள்? முதலாமவர் கடன் வரம்பைத் தாண்டியவராகவே நின்றிருப்பார், அவருடைய சரக்கு லாரி எங்கள் கேட்டில் நின்றிருக்கும். அதனால் பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் உட்காரவைத்துவிட்டு, இருவருக்கும் தனித்தனியே ஒரே கடிதம் எழுதினேன்:

“வணக்கம். சமீபத்தில் உங்கள் சார்பில் எங்களுக்குப் பணம் அனுப்பப்பட்டதா? ஆம் என்றால், அனுப்பிய தேதி, தொகை, அனுப்பிய கணக்கின் பெயர், எந்தெந்தப் பில்களுக்கு என்பதைத் தெரிவித்து, வங்கி கொடுத்த ஸ்விஃப்ட் நகலையும் அனுப்பவும். எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. சந்தேகம் இருந்தால் பழைய பில்லில் உள்ள எண்ணுக்கே கூப்பிடவும்.”

தொகையை நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? எழுதியிருந்தால் ‘ஆமாம், நாங்கள்தான்’ என்று சொல்ல இன்னொரு வள்ளல் கிளம்பியிருப்பார். கணக்கு எண்ணையோ இணைப்பையோ சேர்க்காததற்கும் காரணம் உண்டு. பணம் பற்றி விசாரித்து வரும் கடிதத்தில் புதுக் கணக்கு எண்ணைச் செருகுவது ஏமாற்றுக்காரர்களின் பழைய தொழில். நாங்கள் கேட்பதும் அவர்கள் கேட்பதும் ஒன்றாகத் தோன்றிவிடக் கூடாது.

இரண்டாமவர் ‘அடுத்த மாதம்’ என்று ஒளிக்காமல் எழுதினார். உங்கள் பதிலோ காவியச் சுருக்கம்: “போட்டாச்சு, செக் பண்ணுங்க.” கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம். பச்சை டிக் தெரிந்தது, ‘Success’ தெரிந்தது. தேதியும் குறிப்பு எண்ணும் இருக்கிற கீழ்ப்பாதியைக் கலைநயத்தோடு வெட்டியிருந்தீர்கள். வெற்றி பெற்றவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை.

திங்கள் மத்தியானம் முழு நகல் வந்தது. அனுப்பிய தொகை 1,848.000. கட்டணப் பகுதியில் ‘SHA’, அதாவது உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, வழியில் கழிவது எங்களுக்கு. அனுப்பியது உங்கள் தம்பியின் கம்பெனி. அண்ணன் கடனைத் தம்பி தீர்க்கிற பாசம் போற்றத்தக்கதுதான். அவர் உங்கள் சார்பில் கட்டினார் என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதித் தந்தால், எங்கள் ஆடிட்டரும் உருகுவார். அந்த 4.500 ரியால் இன்னும் உங்கள் பாக்கியில்தான் நிற்கிறது. முழுத் தொகையும் எங்களுக்கு வந்து சேரவேண்டும் என்பது நம் ஒப்பந்தம். அதற்கு ‘OUR’ என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய மனது படைத்த உங்களிடம் ஒரு சின்ன விண்ணப்பம். ஸ்விஃப்டில் குறிப்புக்கென்று 140 எழுத்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பில் எண்களையும் உங்கள் கம்பெனிப் பெயரையும் எழுத அதில் பாதி போதும். மீதிப் பாதியில் ‘PAYMENT’ என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.