சிங்கக்குட்டிக்கு இன்டர்வியூ வருமா?

கேள்வி: என் மெயில் ஐடி singakutty_007. ஒன்பதாம் வகுப்பில் வைத்தது. இப்போது பி.காம். முடித்து வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன். கம்பெனிக்காரர்கள் திறமையைப் பார்ப்பார்களா, ஐடியைப் பார்ப்பார்களா?
– பட்டதாரி, அருப்புக்கோட்டை

பதில்: திறமையைத்தான் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு உங்களைக் கூப்பிட வேண்டுமே! சிங்கத்தையாவது ஒரு சிரிப்போடு மன்னித்துவிடுவார்கள். எனக்குப் பயமெல்லாம் அதன் வாலில்தான்.

ரெஸ்யூமேயில் மெயில் ஐடியை அடித்தவுடன் கம்ப்யூட்டர் அதை நீல நிறமாக்கி அடியில் கோடு போட்டுவிடும். உங்கள் ஐடியில் உள்ள அண்டர்ஸ்கோர் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். தாளில் பார்ப்பவருக்கு அங்கே வெறும் இடைவெளிதான் தெரியும். அடுத்து 007. அது சைபரா, ஓ என்ற எழுத்தா? பிரிண்ட் எடுத்த தாளில் சாமிக்கே வெளிச்சம். ஜிமெயிலில் அண்டர்ஸ்கோர் வைக்கவே முடியாது. எழுத்து, எண், புள்ளி மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி. ஆகவே உங்கள் ஐடி வேறு ஏதோ நிறுவனத்தில் இருக்கிறது. எழுதி வாங்குகிறவர் பழக்கதோஷத்தில் ஜிமெயில் என்று போட்டுக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

புது ஐடி வைத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஊரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, ஒரே தடவை சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். "கீழே ஒரு கோடு வரும், அதுக்கப்புறம் ரெண்டு சைபர்..." என்று விளக்கவுரை தேவைப்பட்டால் அந்த ஐடி ஆகாது.

கேள்வி: சொந்தப் பெயரில் வைக்கலாம் என்று பார்த்தால் எல்லாம் போய்விட்டது. என் பெயர் பா. தமிழ்ச்செல்வன். எப்படித்தான் வைப்பது?
– தமிழ்ச்செல்வன், விழுப்புரம்

பதில்: ஜிமெயில் 2004-இல் வந்தது. அன்று முதல் எத்தனை தமிழ்ச்செல்வன்கள் முந்திக்கொண்டார்களோ! பதறாமல் வரிசையாகப் போவோம்.

முதலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுங்கள். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் tamilselvan, thamilselvan, tamilchelvan என்று ஊரே அவரவர் விருப்பத்துக்கு எழுதும். மார்க் ஷீட்டில் THAMIZHSELVAN B என்று இருந்தால் ஐடியிலும் அதே எழுத்துகள்தான். 'பா' என்ற இனிஷியலுக்கும் இதே விதி. பாஸ்கருக்கு B, பாண்டியனுக்கு P. சான்றிதழில் ஒன்றும் ஐடியில் ஒன்றுமாக இருந்தால், ரெஸ்யூமேயைப் பார்த்துக் கையால் அடிக்கிறவர் பெயரில் உள்ள எழுத்தையே ஐடியிலும் அடித்துவிடுவார். "zh" வடநாட்டு எச்.ஆருக்குப் போனில் புரியாதுதான். பரவாயில்லை, உங்கள் பெயர் அவர் கண்ணெதிரே தாளில் இருக்கிறது.

thamizhselvan மட்டும் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து thamizhselvan.b, பிறகு b.thamizhselvan. இங்கே ஒரு சங்கதி: ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. thamizhselvanb என்று ஒருவர் வைத்திருந்தால் நடுவில் புள்ளி குத்தி நீங்கள் வாங்க முடியாது. நல்ல பக்கமும் உண்டு. புள்ளியை விட்டுவிட்டு அனுப்பினாலும் மெயில் உங்களுக்கே வந்து சேரும். அவுட்லுக்கில் அப்படியில்லை, அங்கே புள்ளி வைத்தால் ஓர் ஆள், வைக்காவிட்டால் வேறு ஆள். ஜிமெயில்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் போடும் சில தளங்கள் புள்ளியுள்ளதையும் இல்லாததையும் இரண்டு பேராக நினைக்கும். பதிவு செய்தபோது புள்ளி வைத்தீர்களா என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் லாகின் பக்கத்தில் "அப்படி யாரும் இல்லை" என்று உங்களையே மறுக்கும்.

அதுவும் கிடைக்கவில்லையா? அப்பா பெயரை முழுதாகச் சேருங்கள்: thamizhselvan.baskar. ஜிமெயில் 6 முதல் 30 எழுத்து வரை ஏற்கும். இது தாராளமாக அடங்கும். படிப்பைச் சேர்த்து thamizhselvan.bcom என்று வைக்காதீர்கள், நாளைக்கு எம்.பி.ஏ. முடித்த பிறகும் பி.காமாகவே இருப்பீர்கள். fresher, jobs எல்லாம் அதே ரகம்.

எண் கடைசி வழி. பிறந்த வருடம் வேண்டாம், கேட்காதவருக்கெல்லாம் வயதைச் சொல்வானேன்? சைபரும் ஒன்றும் எழுத்தோடு குழம்பும். எண்ணில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. உங்கள் ஐடி thamizhselvan.b47 என்று வைத்துக்கொள்வோம். அனுப்புகிறவர் 47-ஐ விட்டுவிட்டால் மெயில் திரும்பி வராது. எண் இல்லாத தமிழ்ச்செல்வன் ஒருவர் எங்கோ இருக்கிறாரே, அவர் இன்பாக்ஸில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பார். நீங்கள் வரவில்லை என்று நினைப்பீர்கள்.

கேள்வி: நியூமராலஜிப்படி என் பெயரில் இரண்டு 'a' கூடுதலாகச் சேர்த்தால் வேலை நிச்சயம் என்கிறார் ஜோசியர். ஐடியில் சேர்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சேர்க்கலாம். கால் லெட்டரை அனுப்புகிறவரும் அதே ஜோசியரிடம் போயிருக்க வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ முடித்ததும் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் மெயில் ஐடி போட்டுக் கொடுத்தார். இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்ட் அவரிடம் இருக்கிறது. நல்ல மனிதர். பிரச்சினை வருமா?
– மாணவி, பரமக்குடி

பதில்: அண்ணன் தங்கமானவராகவே இருக்கட்டும். ஆனால் கடைக்கு ஞாயிறு விடுமுறை உண்டல்லவா? சீட் ஒதுக்கிய பிறகு இத்தனை தேதிக்குள் உறுதி செய் என்று மெயில் வரும். அந்த நேரத்தில் கடைவாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

பாஸ்வேர்ட்கூட இரண்டாம் பட்சம். கணக்கைத் தொடங்கியபோது ஓ.டி.பி. யார் போனுக்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பல கடைகளில் அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவார். பாஸ்வேர்ட் மறந்தால் ரெக்கவரி செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். கூகுளின் பார்வையில் வீட்டுக்காரர் அவர், நீங்கள் வாடகைக்கு இருப்பவர்.

ஆகவே இன்றைக்கே கடைக்குப் போய், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் போனில் அந்தக் கணக்கைத் திறங்கள். அவர் எண்ணுக்கு ஓ.டி.பி. போனால் வாங்கிக்கொள்ளலாம். கூகுள் கணக்கின் Security பகுதியில் ரெக்கவரி போன் எண் இருக்கும். அங்கே உங்கள் எண்ணைப் போட்டு, அவருடையதை நீக்குங்கள். ரெக்கவரி மெயில் என்று ஒன்று தனியாக இருக்கும். அதில் கடை மெயில் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைசியாக, எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் பாஸ்வேர்டைத் திரும்ப மாற்றிவிட முடியும்.

கவுன்சலிங் நடக்கும்போது ஐடியையே மாற்றக் கிளம்ப வேண்டாம். இருப்பதை உங்கள் பெயருக்குக் கொண்டுவந்தால் போதும். சேர்க்கை முடிந்த பிறகு புதிது வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் பழைய ஐடி cuteprincess என்று தொடங்கும். அதிலிருந்து ஏற்கெனவே நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் போய்விட்டது. கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?
– எம்.எஸ்ஸி. மாணவி, நாகர்கோவில்

பதில்: இளவரசியைக் கொல்லாதீர்கள்! நாற்பது பதில்களும் அரண்மனைக்குத்தான் வரும். அழித்த ஜிமெயில் பெயரைத் திரும்ப நீங்களும் வாங்க முடியாது, வேறு யாரும் வாங்க முடியாது.

புது ஐடி தொடங்குங்கள். பழைய கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்து, செட்டிங்ஸில் Forwarding and POP/IMAP என்ற இடத்தில் புது ஐடியைச் சேருங்கள். புது ஐடிக்கு ஓர் உறுதிச் செய்தி வரும். அதை ஏற்ற பிறகு, பழைய கணக்கில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், Forward a copy of incoming mail to என்பதைத் தேர்ந்து Save Changes அழுத்தினால், பழையதற்கு வருவதெல்லாம் இங்கே வந்துவிடும். ஸ்பேமில் விழுந்தவை மட்டும் வராது. முன்பின் தெரியாத கம்பெனியின் மெயில் அங்கே விழுவது சகஜம் என்பதால், சில நாளுக்கொரு முறை பழைய வீட்டின் ஸ்பேம் அறையை எட்டிப் பாருங்கள். இரண்டு வருடம் தொடவே தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பது அதன் விதி. எட்டிப் பார்க்கும் பழக்கம் அதற்கும் உதவும்.

பழைய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தால் புது ஐடியிலிருந்தே எழுதலாம். ஆனால் முதல் வரியில் "இந்தப் பதவிக்கு முன்பு இன்ன ஐடியிலிருந்து விண்ணப்பித்தவள்" என்று சொல்லிவிடுங்கள். லாகின் உள்ள தளங்களில், ஐடியை மாற்ற வசதி இருந்தால் நீங்களே மாற்றுங்கள். அதே வேலைக்கு இரண்டாவது விண்ணப்பம் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: ஐடியை அழகாக மாற்றிவிட்டேன். ஆனாலும் நண்பனுக்கு அனுப்பினால் அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஐடி ஓரமாகத்தான் தெரியும். இன்பாக்ஸில் தடித்த எழுத்தில் நிற்பது நீங்கள் எப்போதோ கொடுத்த பெயர். 'தளபதி வெறியன்' என்றோ, 'என் வழி தனி வழி' என்றோ இருக்கும். செட்டிங்ஸில் Accounts and Import, அதில் Send mail as என்ற வரியில் edit info. அங்கே மார்க் ஷீட் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் வட்டமாக வரும் படத்தையும் பாருங்கள். கூலிங் கிளாஸோடு பைக்மேல் படுத்திருப்பவர் யாரென்று நண்பன் சொல்வான்.

கேள்வி: கல்லூரியே ஒரு மெயில் ஐடி கொடுத்திருக்கிறது. கௌரவமாக இருக்கிறது. அதையே வேலைக்குப் போடலாமா?
– இறுதியாண்டு மாணவர், காரைக்குடி

பதில்: கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கேட்டால் கொடுங்கள். வெளி விண்ணப்பங்களுக்கு வேண்டாம். பல கல்லூரிகள் படிப்பு முடிந்த சில மாதங்களில் அந்தக் கணக்கை மூடிவிடும். சில கம்பெனிகளின் பதில் அதற்குப் பிறகுதான் வரும். வேலையில் இருப்பவர்கள் ஆபீஸ் ஐடியிலிருந்து வேறு வேலைக்கு மனுப் போடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அந்த மெயிலை உங்கள் முதலாளி படிக்க முடியும்.

கேள்வி: என் பெயரிலேயே உள்ள வேறு யாருக்கோ வர வேண்டிய இன்டர்வியூ மெயில் எனக்கு வந்திருக்கிறது. சம்பளமும் நன்றாக இருக்கிறது. நானே போகலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: உங்கள் பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்று புரிகிறது. "நீங்கள் தேடும் ஆள் நான் இல்லை, ஐடியைச் சரிபாருங்கள்" என்று அனுப்பியவருக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். இன்டர்வியூ தேதி நெருங்கியிருந்தால் கம்பெனிக்குப் போனும் போடுங்கள். அந்த வேலை உங்களுக்கும் பொருந்தும் என்றால் மூன்றாவது வரியில் ரெஸ்யூமேயை இணைக்கலாம், அதில் தப்பில்லை.