அட்டெண்டர் சோறு: தூக்குச்சட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருவர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்துவிட்டால் அவர் என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், சாத்துக்குடியோடு பார்க்க வரும் பெரியப்பா இருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஆளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வார்டில் அவருக்கு ‘அட்டெண்டர்’ என்று பெயர். நோயாளிக்குப் பாலும் பிரெட்டும் வரும். அட்டெண்டருக்கு வீட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. அந்தச் சோற்றை எப்படிக் கட்டுவது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

களமாக ஓர் அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டை எடுத்துக்கொண்டோம். தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி மல்லாந்து கிடப்பவர்கள் அங்கே நிறைய. அவர்களால் தண்ணீர் பாட்டிலைக்கூட எட்டி எடுக்க முடியாது என்பதால் அட்டெண்டர்களும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். ஆய்வாளருக்கு இது பெரிய வசதி. தனியார் மருத்துவமனைகளில் கேன்டீன் தோசை உள்ளே புகுந்து தரவைக் கெடுத்துவிடுவதால் அவற்றை விலக்கிவிட்டோம்.

இத்துறையின் முதல் விதி இது: கட்டிய நேரத்துக்கும் திறக்கும் நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேலைக்குப் போகிற வழியில் மருமகன் தூக்கைக் கொண்டுவந்து வைக்கும்போது மணி ஏழு. அப்புறம் டாக்டர் ரவுண்ட்ஸ். அது முடிந்தால் எக்ஸ்ரேக்குச் சீட்டு. சீட்டு கிடைத்தால் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை. எல்லாம் முடிந்து மூடியைத் திறக்கும்போது மதியம் இரண்டு. ஆக, ருசியைவிட முக்கியமான கேள்வி, அந்த ஏழு மணி நேரம் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான்.

நடப்பது நல்லதல்ல. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீருக்கும் தப்பிப் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாக, ஈரமாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தியைக் கிளப்பும் ஒரு நஞ்சையும் உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். வார்டில் இரண்டுக்கும் வழியில்லை. நம் ஹாட் பாக்ஸை இங்கே கொஞ்சம் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. காலையில் சூட்டைக் காக்கும் அது, பத்து மணிக்கு மேல் கிருமிக்குத் தோதான கதகதப்பைக் காக்கத் தொடங்கிவிடுகிறது. சாம்பார் சாதம் இதற்கு முதல் பலி. பருப்பு, காய், ஈரம் மூன்றும் சேர்ந்து மதியத்துக்குள் நுரைக்கும், கரண்டியில் எடுத்தால் நூல் விடும். தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்பே ஊசிப்போகும். நூலும் நுரையும் கண்ணுக்குத் தெரியும். நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முகர்ந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று அத்தை வழங்கும் சான்றிதழை ஆய்வுலகம் ஏற்பதற்கில்லை.

புளியோதரை ஒரு மாற்று. புளிப்பு கிருமியைத் தடுக்கும். ஆனால் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலந்து அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், மேல் சோறு கொழகொழத்துவிடும். இன்னொரு சங்கடம், புளியோதரையைத் தொடர்ந்து மூன்று நாள் தின்ற அட்டெண்டர் நெஞ்செரிச்சலுக்கு அதே ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்குகிறார்.

எனவே நீண்டகாலத் தீர்வாக இக்கட்டுரை முன்வைப்பது, பாலில் கலந்து வழியில் உறையும் தயிர்சாதத்தை. செய்முறையை ஒரு நபர் அளவில் பார்ப்போம். அரை டம்ளர் பச்சரிசியை இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசிக்க வேண்டும். காய்ச்சிய பால் ஒன்றரை டம்ளர் ஊற்றிக் கலக்கினால் பாயசம்போல ஓடும். பயப்பட வேண்டாம், சோறு இழுத்துக்கொள்ளும். பிறகு காத்திருக்க வேண்டும். விரலை உள்ளே வைத்தால் பொறுக்கிற சூடு வந்ததும் ஒரு ஸ்பூன் தயிர், உப்பு, கடுகு தாளிப்பு. ஏழு மணிக்கு ஏறக்குறைய பால்சாதமாகக் கிளம்பியது இரண்டு மணிக்கு இளம் தயிர்சாதமாக வந்து சேரும். முதலிலேயே தயிராக விட்டுக் கலந்தால் அதே இரண்டு மணிக்குப் பல் கூசும்.

இதில் தவறுவது பெரும்பாலும் அவசரத்தால். ஆவி பறக்கும்போதே தயிரை விட்டால் உறைய வைக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். மதியம் திறந்தால் பால் வாசனை மாறாமல் தளதளவென்று கிடக்கும். புளிக்கவில்லையே என்று சந்தோஷப்படக் கூடாது. புளிப்பு ஏறாத அந்தப் பால்சாதத்துக்குக் காவல் இல்லை, கொட்டிவிடுவதே முறை. சரியாக உறைந்ததையும் ராத்திரிக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. வெங்காயமும் வெள்ளரியும் வேண்டாம், நீர் விடும். தொட்டுக்கொள்ள மாவடு அல்லது நார்த்தங்காய், தனிச் சம்படத்தில். ஸ்பூன் கட்டாயம், சாப்பிடப்போகும்போதுதான் குழாயில் தண்ணீர் வராது.

“வளாகத்திலேயே மூன்று ரூபாய்க்குத் தயிர்சாதம் விற்கிறதே” என்று அம்மா உணவகக் கட்சியினர் கேட்கலாம். 2013-இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் அரசு மருத்துவமனை வளாகங்கள் சிலவற்றுக்கும் வந்த அந்த ஏற்பாட்டில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் க்ளுக்கோஸ் பாட்டில் தீரப்போகிற நேரத்தில் இறங்கிப்போய் வரிசையில் நிற்க அட்டெண்டரால் ஆகாது.

அளவு பற்றி ஒரு குறிப்பு அவசியம். ஒருவருக்குக் கட்டிய சோற்றை ஒருவரே தின்றதாக இந்த வார்டில் சான்று இல்லை. பக்கத்துக் கட்டில்காரருடைய அட்டெண்டர் வெளியூர். அவருக்குத் தூக்கு வராது. ஆகவே எங்கள் வீட்டு அட்டெண்டரான சித்தி முதலில் அவருக்கு எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறாள். மேற்சொன்ன அளவை ஒன்றரை மடங்காக்கினால்தான் சித்திக்கு வயிறு நிறையும். இதைச் சித்தியிடம் சொல்லக்கூடாது. சொன்னால் இரண்டு பேருக்கு எடுத்துவைப்பாள்.

சித்தி சாப்பிட்டாளா என்பதை உறுதிசெய்வதில் முறையியல் சிக்கல் உண்டு. போனில் “சாப்பிட்டியா சித்தி?” என்று கேட்டால், மூடியைத் திறக்காதபோதும் “ஆச்சுடி, அப்பவே ஆச்சு” என்றே பதில் வரும். ஆகவே தொலைபேசிச் சான்றை முழுமையாக நிராகரிக்கிறோம். நம்பத்தக்கது திரும்பி வரும் பாத்திரம் ஒன்றே. கழுவாமல் வந்தால் நேரம் இல்லை என்று பொருள். விளிம்பில் பீட்ரூட் கறை இருந்தால் பக்கத்துக் கட்டிலுக்கு உறவுக்காரர் வந்துவிட்டார், பண்டமாற்று நடந்திருக்கிறது. பளபளவென்று தேய்த்து வந்தால்தான் கவலை: சித்திக்குச் செய்ய வேலையில்லை, நோயாளி நாள் முழுக்கத் தூங்குகிறார், நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

தூக்கு இரண்டு செட் வேண்டும், ஒன்று வார்டில், ஒன்று அடுப்பில். இரண்டிலும் பெயர் வெட்டியிருக்க வேண்டும். பாத்திரக் கடையில் அடிப்பாகத்தில் மட்டும் வெட்டித் தருவார்கள். மூடியிலும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காததன் விளைவாக, யாருடையது என்று தெரியாத மூடிகள் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. எந்தத் தூக்குக்கும் அவை சேரவில்லை.