சிங்கப்பூருக்கு எந்த சிம்?

கேள்வி: நான்கு நாள் சிங்கப்பூர் போகிறோம். ரோமிங் பேக், டிராவல் சிம், அங்கேயே வாங்கும் சிம்... எது லாபம்?
– வாசகி, திருச்சி

பதில்: அது உங்கள் மாமனாரைப் பொறுத்தது! பழைய நம்பருக்குத்தான் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்றால் ரோமிங் பேக்தான். விலை கூடுதல், ஆனால் நம்பர் மாறாது. இன்கமிங் நிமிடங்கள் எத்தனை என்று பார்த்துப் போடுங்கள்.

மேப்பும் வாட்ஸ்அப்பும் போதுமென்றால் டிராவல் இ-சிம். வீட்டு வைஃபையிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் இதில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். உங்களைக் கூப்பிட ஒரு நம்பர் இருக்காது. டாக்சிக்காரர் கூப்பிட உள்ளூர் நம்பர் வேண்டுமா? சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி சுற்றுலா சிம் வாங்குங்கள்.

இ-சிம், சுற்றுலா சிம் எதை வாங்கினாலும் இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். அதில் ரோமிங் சேவை இயங்குகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணையுங்கள். இ-சிம்முக்கு அதையே போடுங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டு, ‘இ-சிம் வேலை செய்யவில்லை’ என்று புலம்புகிறவர்களே அதிகம். வாட்ஸ்அப் ‘நம்பரை மாற்றவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேக் போடாத இந்திய சிம்மில் மாமனார் கூப்பிட்டால் எடுக்காதீர்கள். ‘சாப்பிட்டீங்களா?’ என்று அவர் விசாரித்து முடிப்பதற்குள் ஒரு சாப்பாட்டுக் காசு போயிருக்கும்!