பிரேயரில் மூன்று நிமிடம்

? வளரிளம் பருவத்தில் தூக்கம் ஏன் முக்கியம் என்று நாளைக் காலை பிரேயரில் பேசணும். எப்படி ஆரம்பிப்பது?
– ப்ளஸ் ஒன் மாணவி, தேனி

தலைமையாசிரியர் தொடங்கி எல்லோருக்கும் வணக்கம் வைத்து முடிப்பதற்குள் பாதி மைதானம் தூங்கிவிடும். (தலைப்புக்குப் பொருத்தம்தான்!) நேராகக் கதைக்குப் போம்மா. 1924-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள் இரண்டே மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அர்த்தமில்லாத பத்து அசைகளை நெட்டுருப் போட வேண்டும். சில நாள் இரவில் படித்துவிட்டுத் தூக்கம். சில நாள் காலையில் படித்துவிட்டு வழக்கமான வேலை. எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டால், தூங்கி எழுந்தவர்களுக்குச் சராசரியாகப் பத்தில் ஐந்துக்கு மேல் நினைவிருந்தது. விழித்திருந்த நாளில் ஒன்று தேறுவதே பெரும்பாடு.

? அப்படி மூளை தூக்கத்தில் என்னதான் செய்கிறது?
– அதே மாணவி

ரஃப் நோட்டை ஃபேர் நோட்டில் எழுதுகிறது. பகலில் படித்ததை முதலில் வாங்கி வைப்பது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ். ஆழ்ந்த தூக்கத்தில் அது அந்தப் பாடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. மேல்மூளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிகிறது. எலிகளிடம் இதை நேரிலேயே பார்த்தார்கள்: நடமாடும்போது சேர்ந்து துடித்த நரம்பு செல்கள், தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. இரவெல்லாம் விழித்துப் படிப்பவர் ரஃப் நோட்டையே நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

? நிறையத் தூங்கினால் உயரமாவேனா?
– பிரேயரில் எப்போதும் முதல் வரிசையில் நிற்பவன், திருச்சி

உன் வலி புரிகிறது தம்பி. வளர்ச்சி ஹார்மோன் பெரிய அலையாகச் சுரப்பது, கண்ணயர்ந்த பின் வரும் முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான். அது கடிகாரம் பார்ப்பதில்லை, நீ தூங்குவதைப் பார்க்கிறது. ஒரு ராத்திரி விழித்தால் உடம்பு மறுநாள் பகலில் ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆக, ‘ஒரு ராத்திரி போனால் ஒரு சென்டிமீட்டர் போச்சு’ என்று யாராவது பேசினால் நம்பாதே. உயரத்தில் பெரும்பங்கு அப்பா அம்மா கொடுத்தது. அதற்கு மேல் ஓர் அங்குலம் வேண்டுமென்று பகலெல்லாம் படுத்துக் கிடந்தால் பாய்தான் தேயும்.

? பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் ‘தூக்கம் வரலை’ என்கிறான் பிள்ளை. நடிப்பா?
– ஓர் அம்மா, விருதுநகர்

பாதி நிஜம். பருவ வயதில் தூக்கத்துக்குச் சைகை காட்டும் மெலடோனின் முன்னைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. மீதிப் பாதி தலையணைக்கடியில் இருக்கும் போன். 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றுக்குக் கண்ணயர்பவனை ஐந்து மணி டியூஷனுக்காக நாலரைக்கு எழுப்பினால் எவ்வளவு தேறும்? கணக்கு டியூஷன்தானே, அவனையே போடச் சொல்லுங்கள்.

? மனப்பாடம் பண்ணி முடிக்கலை. இன்று ராத்திரி முழுக்க உட்காரட்டுமா?
– மறுபடியும் தேனி மாணவி

எட்டரைக்கு உட்கார், பத்துக்குப் படு. துண்டுச்சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும். தூங்கினால் பத்தில் ஐந்து சொச்சம் என்றுதான் சொன்னேன், பத்தும் என்று சொல்லவில்லையே!