புரதம் கேட்கும் புதல்வன்

கேள்வி: தேகப்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் என் மகன், தினம் 96 கிராம் புரதம் வேண்டுமென்கிறான். நால்வர் உள்ள வீட்டில் அவனுக்கென்று தனி மளிகைப் பட்டியல் போட வேண்டுமா? (ஒரு தாயார், மதுரை)

பதில்: வேண்டாம், அம்மணி. 60 கிலோ எடையுள்ளவன், கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் கணக்கிட்டு அத்தொகையைச் சொல்லியிருப்பான். அதில் ஏறக்குறையப் பாதியை இட்லியும் சாம்பாரும் பாலும் தயிருமாகத் தாங்கள் நித்தியம் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எஞ்சியதற்குத் தினம் மூன்று முட்டையில் 18 கிராமும், 50 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 11 கிராமும், 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராமும் கிடைக்கும். ஆகவே வழக்கமான பட்டியலின் அடியில் 21 முட்டை, 350 கிராம் பொட்டுக்கடலை, 210 கிராம் மீல்மேக்கர் என்று எழுதினால் வாரம் நிறைந்தது.

மீல்மேக்கரை ஊறுமுன் நிறுப்பது அவசியம். நீரை உறிஞ்சிப் பன்மடங்கு கனத்தபின் நிறுத்தால், தராசில் ஏறுவது பெரும்பாலும் தண்ணீரே. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ வைத்தியரின் அனுமதியின்றி இவ்வளவு புரதம் ஆகாது.

பொட்டுக்கடலையை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள். பொது டப்பாவில் கொட்டினால் புதன்கிழமைக்குள் அது தேங்காய்ச் சட்னியாகிக் குடும்பத்தார் அனைவருடைய தசைகளையும் சமமாகப் போஷித்துவிடும். சட்னிக்கென்று கால் கிலோவைப் பட்டியலில் வேறு வரியாகவே எழுதிவிடுங்கள்.