பந்தல்குடி ரோட்டு முதலிடம்

அருப்புக்கோட்டையில் தங்கச்சி மகளுக்கு நீட் மாதிரித் தேர்வில் ஒரு செயலி 696 போட்டது. 2025-இல் அகில இந்திய முதலிடமே 686தான். அப்படியானால் நாட்டின் முதல் மாணவி பந்தல்குடி ரோட்டில் இருக்கிறாள், ஊருக்குத்தான் தெரியவில்லை.

சந்தேகம் தீர, புதுத் தேர்வில் 180 கேள்விக்கும் ஒரே விடையை அழுத்தச் சொன்னேன். நாலில் ஒன்று தானாகவே சரியாகும். 45 சரிக்கு 180, 135 தவறுக்கு ஒவ்வொன்று கழித்தால் மிச்சம் 45. கொஞ்சம் முன்பின் இருக்கலாம். செயலி 184 கொடுத்து, “சபாஷ்” என்றது. கழிக்கும் பழக்கமே அதற்கில்லை.

ஆனால் அவளுடைய ஆறு தவறுக்குக் கழித்தாலும் 690 வருகிறதே? கேள்விகளும் எளியவை. அவள் பார்க்காத 2025 வினாத்தாளை, கைபேசி இல்லாமல், மூன்று மணி நேரம் வைத்து எழுதவிட்டு, அதிகாரபூர்வ விடைக்குறிப்பால் திருத்தினோம்: 412.

“மாமா, அந்தச் செயலியே நல்லாருந்துச்சு” என்கிறாள்.