வள்ளுவருக்கு வேண்டாத வயதுச் சான்று

திருவள்ளுவர் தை 2-ஆம் தேதி பிறந்தார். கி.மு. 31-இல் பிறந்தார். பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லாத இந்தச் செய்தி தமிழ்நாடு அரசுக்குத் தெரியும். குறளில் எங்கும் அவர் தன் ஊரையோ பெற்றோரையோ சொல்லவில்லை. தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. வையாபுரிப் பிள்ளை போன்றவர்கள் நூலின் மொழியை வைத்து அவரைப் பல நூற்றாண்டுகள் பின்னால் தள்ளினார்கள். மறைமலையடிகள் முதலானோர் கி.மு. 31 என்றார்கள். அறிஞர்கள் இப்படி ஒரு கணிப்பைச் சொல்வது அவர்கள் உரிமை. எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு அதை நாட்குறிப்பிலும் அரசிதழிலும் ஏற்றியது. அன்றிலிருந்து கணிப்பு போய் அது பிறந்த தேதி ஆகிவிட்டது.

கணக்கையாவது ஒழுங்காகப் போட்டார்களா என்று பாருங்கள். ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. அந்த ஆண்டு தை முதல் நாளில் தொடங்குகிறது. அதற்குப் பெயர் கொடுத்தவரோ மறுநாள்தான் பிறக்கிறார். தன் பெயரிலான சகாப்தத்துக்கே ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். தை மாதமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சூரியன் மகர ராசியில் நுழையும் நாள், நாம் வைத்திருக்கும் ஆங்கில நாட்காட்டியில் ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப் போகிறது. அந்தக் கணக்கில் வள்ளுவர் காலத்துத் தை 2, டிசம்பர் நடுவில் விழுந்திருக்கும்.

தை 2 மாட்டுப் பொங்கலும்கூட. ஆண்டு முழுவதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காய்கறி தின்றவனும் அன்றைக்குக் கறி எடுக்க நினைப்பான். அந்த நாளில், புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே எழுதியவரைப் பிறக்க வைத்து, சென்னையில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்கிறார்கள். டாஸ்மாக்கும் மூடல். கள்ளுண்ணாமைக்கு அரசு செலுத்தும் அஞ்சலி அவ்வளவுதான்: ஒரு நாள் கடையடைப்பு. குடிப்பவர் பொங்கலன்றே வாங்கிப் பரணில் வைத்துவிடுகிறார். அன்றைய விற்பனை அரசின் கையில் பத்திரமாக விழுகிறது.

இந்தத் தேதியை எதிர்ப்பவர்கள் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் கையில் வைகாசி அனுஷம் இருக்கிறது. மயிலாப்பூர்க் கோயில் மரபு என்ற அளவில் அது மதிக்கத் தக்கது. சான்று என்று பார்த்தால் அதுவும் தை 2-க்குச் சித்தப்பா பிள்ளைதான். 2024 மே மாதம் ஆளுநர் மாளிகை அந்த நாளில் காவி உடுத்திய வள்ளுவரை வைத்துக் கொண்டாடியது. வெள்ளை உடுத்திய வள்ளுவர் மட்டும் நேரில் பார்த்து வரைந்த படமா? வேணுகோபால் சர்மா கற்பனையில் தீட்டியது, அரசு ஏற்றுக்கொண்டது. கற்பனைத் தாடிக்குக் கீழே எந்த நிறத் துணி என்பதற்காக இரண்டு கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறது. புத்தாண்டையே 2008-இல் சட்டம் போட்டுத் தைக்கு மாற்றி, 2011-இல் சட்டம் போட்டுச் சித்திரைக்குத் திருப்பிய ஊர் இது. இங்கே சூரியனும் சட்டமன்றப் பெரும்பான்மையைக் கேட்டுக்கொண்டுதான் நகர வேண்டும்.

"தேதி தெரியாது, நினைத்துக்கொள்ள ஒரு நாள் வேண்டும் என்று இதை வைத்திருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன வலி? நானும் கைதட்டியிருப்பேன். அதைச் சொல்ல எந்தக் கட்சிக்கும் வாய் வரவில்லை.

இதே அரசிடம் முதியோர் உதவித்தொகை கேட்டுப் போகிற கிழவியைப் பாருங்கள். மாதம் 1,200 ரூபாய். அறுபது நிறைந்திருக்க வேண்டும். அவள் பிறந்தது நாற்று நடவின்போது, பெருமழைக்கு மறு வருஷம். பிறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டமே 1969-இல்தான் வந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்திருந்தால் தலைமையாசிரியராவது ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக் கொடுத்திருப்பார். ஆதார் எடுக்க வந்த பையன் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

"ஆதார்ல அம்பத்தெட்டுதானே காட்டுது?"

"என் மூத்த மவனுக்கே அம்பது ஆவுதுய்யா."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் அவளுக்குப் பின்னால் நிற்கிறது, நரைத்த தலையோடு. அது செல்லாது. அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி வரச் சொல்கிறார்கள். அவர் பல்லைப் பார்க்கிறார், ஆதாரைப் பார்க்கிறார், வம்பு எதற்கு என்று 'சுமார் 58' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். வள்ளுவருக்கு நாள் பிசகாமல் இரண்டாயிரம் ஆண்டுக் கணக்குச் சொல்லும் அரசு, இவளுடைய இரண்டு வருஷத்தை அந்தச் 'சுமாரில்' அமுக்கிக்கொண்டு, அதற்கான 28,800 ரூபாயையும் மிச்சம் பிடித்துக்கொள்கிறது.